ஐந்து கோடும் ஒரு ரப்பர் வளையமும்: ஐபோன் 4 ஆன்டெனா கதை

போன வாரம் மெயிலில் ஒரு கேள்வி வந்திருந்தது. "கார்ல மேக்னெட் மவுண்ட் வாங்கினேன். போன் கவருக்குள்ள ஒரு இரும்புத் தகடு வைக்கச் சொல்றாங்க. அதை வச்சா டவர் குறையுமா?" நல்ல கேள்வி. ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கேஸ், கை, ஆன்டெனா மூன்றும் மோதிக்கொண்ட ஒரு பெரிய சண்டை 2010-இல் நடந்தது. அதைப் புரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். அதனால் இன்றைய எபிசோடு ஐபோன் 4 பற்றியது.

சீன் இதுதான். 2010 ஜூன் 7. சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிளின் டெவலப்பர் மாநாடு. மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ். கையில் புது போன். முன்னும் பின்னும் கண்ணாடி, சுற்றிலும் ஒரு ஸ்டீல் பட்டை. அந்தப் பட்டை வெறும் அழகுக்கு இல்லை, அதுதான் ஆன்டெனா என்றார். போனின் எலும்புக்கூடும் ஆன்டெனாவும் ஒன்றே. இதுவரை யாரும் இப்படிச் செய்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். பட்டையில் அங்கங்கே மெல்லிய கறுப்பு இடைவெளிகள் இருக்கும், ஒரு துண்டை இன்னொரு துண்டிலிருந்து மின்சார ரீதியாகப் பிரிப்பதற்கு. ஒரு துண்டு வைஃபை, ப்ளூடூத், ஜிபிஎஸ்ஸுக்கு. இன்னொரு துண்டு போன் நெட்வொர்க்குக்கு. இந்த இரண்டும் சந்திக்கும் இடைவெளிகளில் ஒன்று இடது பக்கம், கீழ் மூலைக்குச் சற்று மேலே.

அந்த இடத்தை மனசில் வச்சுக்கோங்க. இடது கையில் போனைப் பிடித்தால் உள்ளங்கையின் சதைப்பகுதி சரியாக அங்கேதான் போய் உட்காரும்.

இந்த டிசைனை வெறும் முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஆன்டெனாவுக்கு இடம் வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 33 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு நீளம் இருந்தால் ஆன்டெனா நன்றாக வேலை செய்யும். அதாவது 8 சென்டிமீட்டர். பழைய செல்போன்களில் தலைக்கு மேல் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கா? இல்லைன்னா அப்பாகிட்ட கேளுங்க. 1998-இல் நோக்கியா 8810, அடுத்த வருஷம் 3210 என்று வந்தபோதுதான் அந்தக் குச்சி போனுக்குள்ளே போக ஆரம்பித்தது. உள்ளே போனதும் ஒரு புதுப் பிரச்சினை வந்தது: ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று பயனருக்குத் தெரியாது. விரல் அதன் மேல் போய் உட்காரும். அதனால்தான் அந்தக் கால யூசர் கைடுகளில், போன் பேசும்போது ஆன்டெனா பகுதியைத் தேவையில்லாமல் தொடாதீர்கள் என்று ஒரு வரி இருந்தது. யாரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு ஸ்மார்ட்போன் காலத்தில் ஆன்டெனா மெதுவாகக் கீழே இறங்கியது. தலைக்குள் போகும் கதிர்வீச்சுக்கு அமெரிக்காவில் கிலோவுக்கு 1.6 வாட் என்று ஒரு உச்சவரம்பு இருக்கிறது. ஆன்டெனா காதுப் பக்கம் இல்லாமல் தாடைக்குக் கீழே இருந்தால் அந்த வரம்புக்குள் நிற்பது சுலபம். 2007-இல் வந்த முதல் ஐபோனின் பின்புறம் அலுமினியம், ஆனால் அடியில் மட்டும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதற்குள்தான் ஆன்டெனா. ஐபோன் 4-இல் அதே ஆன்டெனா, போனை மெலிதாக்குவதற்காக, வெளியே தோலைத் தொடும் இடத்துக்கே வந்துவிட்டது. மாறியது அந்த ஒரே விஷயம்தான்.

ஜூன் 24-ஆம் தேதி போன் கடைக்கு வந்தது. அன்றைக்கே வீடியோக்கள் வர ஆரம்பித்தன. மேஜையில் போன் இருக்கிறது, ஐந்து கோடு. கையில் எடுக்கிறார்கள், கோடு ஒவ்வொன்றாக இறங்குகிறது. கீழே வைக்கிறார்கள், மறுபடி ஏறுகிறது. மேஜிக் ஷோ மாதிரி. ஒருத்தர் ஜாப்ஸுக்கே மெயில் போட்டார். அவர் எழுதிய சுருக்கமான பதிலின் சாரம்: அப்படிப் பிடிக்காதீங்க. அதன்பின் ஆப்பிள் வெளியிட்ட அறிக்கையும் அதே ரகம்தான். எந்தப் போனைப் பிடித்தாலும் சிக்னல் கொஞ்சம் குறையும், கீழ் இடது மூலையைப் பிடிக்காதீர்கள், இல்லையென்றால் கடையில் கிடைக்கும் கேஸ் எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேஸ். ஆப்பிளே பம்பர் என்று ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. போனின் ஓரத்தை மட்டும் சுற்றி வரும் ரப்பர் வளையம். விலை 29 டாலர். ரெண்டு வருஷ ஒப்பந்தத்தோடு அந்தப் போனின் ஆரம்ப விலையே 199 டாலர்தான். கோபம் வருமா வராதா?

சரி, இப்போ இயற்பியல் கொஞ்சம். கை ஆன்டெனாவுக்கு ரெண்டு விதமாகக் கெடுதல் செய்யும். முதலாவது, விழுங்குவது. நம் உடம்பு பெரும்பாலும் உப்புத் தண்ணீர். ரேடியோ அலை அதற்குள் போனால் அதில் ஒரு பகுதி சூடாகி அங்கேயே தீர்ந்துபோகும். இது எல்லாப் போனுக்கும் உண்டு. இரண்டாவது, சுருதி மாற்றுவது. ஆன்டெனா என்பது ஒரு வீணைத் தந்தி மாதிரி, ஒரு குறிப்பிட்ட அலைவரிசைக்குச் சுருதி சேர்த்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் கையோ உலோகமோ வந்தால் அந்தச் சுருதி நகர்ந்துவிடும். டவர் பேசும் அலைவரிசையில் ஆன்டெனா சரியாக அதிராது. ஐபோன் 4-இல் இந்த இரண்டாவது பிரச்சினை மோசமாக இருந்தது. காரணம், விரல் வெறுமனே பக்கத்தில் இல்லை, நேராக உலோகத்தின் மேல் இருந்தது. அதிலும் அந்தக் கறுப்பு இடைவெளியின் மேல் ஈரமான தோல் பட்டால், தனித்தனியாக இருக்க வேண்டிய ரெண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவில் ஒரு பாலம் போட்ட மாதிரி. தந்தியோட நீளத்தையே மாத்தினா பாட்டு எப்படி வரும்?

பம்பர் ஏன் வேலை செய்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. அந்த ரப்பருக்கு எந்தச் சிறப்புச் சக்தியும் இல்லை. தோலை உலோகத்திலிருந்து சிறு தூரம் தள்ளி வைத்தது, அவ்வளவுதான். பாலம் உடைந்தது.

எவ்வளவு குறைந்தது என்று முதலில் ஒழுங்காக அளந்தவர்கள் ஆனந்த்டெக் தளத்தில் எழுதிய பிரையன் க்ளக், ஆனந்த் லால் ஷிம்பி இருவரும். ஜூன் கடைசியில் வந்த அவர்களுடைய ரிவ்யூவைத்தான் இந்தக் கதையின் முக்கியமான ஆவணம் என்று நான் சொல்வேன். மற்ற எல்லாரும் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது இவர்கள் கோடுகளுக்குப் பின்னால் இருக்கும் நிஜமான எண்ணைத் திரையில் வரவழைத்து அளந்தார்கள். அந்த எண்ணின் அலகு டிபிஎம். எப்போதும் மைனஸில் இருக்கும். மைனஸ் 60 என்றால் டவர் பக்கத்திலேயே இருக்கிறது, மைனஸ் 110 என்றால் தொங்கலில் இருக்கிறது. குறைவை டெசிபலில் சொல்வார்கள். 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. இது மட்டும் போதும்.

அவர்கள் மூன்று போனை எடுத்துக்கொண்டார்கள்: ஐபோன் 4, அதற்கு முந்தைய ஐபோன் 3ஜிஎஸ், எச்டிசி செய்த நெக்ஸஸ் ஒன். போனை வேணும்னே இறுக்கிப் பொத்திப் பிடித்தால் ஐபோன் 4-இல் 24.6 டெசிபல் குறைந்தது. நெக்ஸஸ் ஒன்னில் 17.7. 3ஜிஎஸ்ஸில் 14.3. மூன்றுமே பெரிய அடிதான். இதை மட்டும் பார்த்தால் ஆப்பிள் சொன்னது உண்மை. எல்லாப் போனிலும் குறையும்.

இப்போ அடுத்த வரிசை. இயல்பாக, நீங்களும் நானும் பிடிப்பது போலப் பிடித்தால்? 3ஜிஎஸ்ஸில் 1.9 டெசிபல். நெக்ஸஸ் ஒன்னில் 10.7. ஐபோன் 4-இல் 19.8.

இதை ஒரு தடவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். 3ஜிஎஸ் வைத்திருந்தவர் சாதாரணமாகக் கையில் எடுத்தால், சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். அது அவருக்குத் தெரியவே தெரியாது. அவரே அப்கிரேடு செய்து ஐபோன் 4 வாங்கி அதே மாதிரி பிடித்தால், நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு போய்விடும். பிடிக்கும் விதம் மாறவில்லை, மாறியது போன். "எல்லாப் போனிலும் இப்படித்தான்" என்ற வாக்கியம் இறுக்கிப் பொத்தும்போது உண்மை, இயல்பாகப் பிடிக்கும்போது இல்லை. அந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைத்தான் ஆப்பிள் கடைசி வரை பேசவில்லை.

கேஸ் போட்டு இயல்பாகப் பிடித்தபோது ஐபோன் 4-இன் இழப்பு 7.2 டெசிபலாக இறங்கியது. நெக்ஸஸ் ஒன்னிலும் கேஸ் கொஞ்சம் உதவியது, 10.7 இருந்தது 7.7 ஆனது. 3ஜிஎஸ்ஸில் மட்டும் 1.9 இருந்தது 3.2 ஆனது. அது பெரிசா எடுத்துக்க வேண்டிய வித்தியாசம் இல்லை, கையைச் சற்று நகர்த்தினாலே அவ்வளவு ஆடும். "கவர் போட்டா டவர் குறையும்" என்று நம்ம ஊரில் பேச்சு இருக்கு இல்லையா? சாதாரண பிளாஸ்டிக், சிலிகான், ரப்பர் கவருக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. ரேடியோ அலைக்கு அவை கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. ஐபோன் 4 மாதிரி போனுக்குக் கவர் போட்டால் சிக்னல் கூடவே செய்யும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி, ஏன்னா இது சாஃப்ட்வேர் கதை.

20 டெசிபல் குறைந்தது சரி. ஆனால் வீடியோக்களில் ஏன் சிலருக்கு ஐந்து கோடும் சரசரவென்று ஒன்றுக்கு இறங்கியது, சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை? ஆனந்த்டெக் இதையும் தோண்டினார்கள். டிபிஎம் எண்ணைக் கோடாக மாற்றுவது ஒரு சின்ன அட்டவணை. எந்த எண் வரை ஐந்து கோடு, எந்த எண் வரை நான்கு என்று யாரோ ஒரு புரோகிராமர் எழுதி வைத்தது. இதற்கு உலகப் பொதுவான விதி எதுவும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் அவரவர் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் அது எப்படி இருந்தது என்றால், மைனஸ் 51-இலிருந்து மைனஸ் 91 வரை எல்லாமே ஐந்து கோடு. அதாவது 40 டெசிபல் அகலம். சக்தி பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் திரையில் ஒரு மாற்றமும் இருக்காது. அதற்குக் கீழே நான்கு கோடு மைனஸ் 101 வரை. மூன்று கோடு மைனஸ் 103 வரை, வெறும் 2 டெசிபல். இரண்டு கோடு மைனஸ் 107 வரை. ஒரு கோடு மைனஸ் 113 வரை. அப்புறம் சர்வீஸ் இல்லை.

ஒரு மாடிப்படி மாதிரி கற்பனை செய்யுங்க. மேலே ஒரு பெரிய மொட்டைமாடி. அதன் ஓரத்தில் திடீரென்று செங்குத்தான நாலு படி. மொட்டைமாடி நடுவில் நிற்கும்போது இருபது அடி தள்ளிவிட்டாலும் ஒன்றும் ஆகாது. ஓரத்தில் நிற்பவரை அதே இருபது அடி தள்ளினால் கீழே தரைக்கே போய்விடுவார்.

மூன்று பேரை வைத்துப் பார்ப்போம். டவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருத்தருக்கு மைனஸ் 60. போனைப் பிடிக்கிறார், 20 குறைந்து மைனஸ் 80. முன்னாலும் ஐந்து கோடு, பின்னாலும் ஐந்து கோடு. "எனக்கு ஒண்ணும் ஆகலையே, சும்மா கத்துறாங்க" என்று இணையத்தில் எழுதுவார். இரண்டாவது ஆளுக்கு மைனஸ் 85. பிடித்ததும் மைனஸ் 105. ஐந்து கோடு இரண்டாகிவிட்டது. அவர் வீடியோ எடுத்துப் போடுவார். மூன்றாவது ஆளுக்கு மைனஸ் 95, நான்கு கோடு, நல்ல சிக்னல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பிடித்ததும் மைனஸ் 115. கால் கட். மூன்று பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். மூன்று பேருக்கும் நடந்தது ஒரே 20 டெசிபல்தான். மூன்றாவது ஆள் ஆரம்பத்திலேயே பலவீனமான இடத்தில் இருந்தார் என்பதை அந்த நான்கு கோடு அவரிடம் மறைத்துவிட்டது.

ஜூலை 2-ஆம் தேதி ஆப்பிள் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டது. கோடுகளைக் கணக்கிடும் ஃபார்முலா முழுக்கத் தவறு என்று கண்டுபிடித்து அதிர்ந்துபோனோம், பல நேரங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு அதிகமாகக் காட்டியிருக்கிறோம், இந்தத் தவறு முதல் ஐபோனிலிருந்தே இருக்கிறது, ஏடி அண்ட் டி பரிந்துரைக்கும் ஃபார்முலாவுக்கு மாறப்போகிறோம் என்று. ஜூலை 15-ஆம் தேதி ஐஓஎஸ் 4.0.1 வந்தது. கோடுகள் நியாயமாகப் பிரிக்கப்பட்டன. கூடவே சின்னக் கோடுகளின் உயரத்தையும் கொஞ்சம் கூட்டினார்கள், கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டுமாம். (அதை நினைச்சா இன்னைக்கும் சிரிப்பு வரும்.)

அந்தக் கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. ஃபார்முலா நிஜமாகவே மோசம்தான். ஆனால் ஆபீஸில் நாம் எல்லாரும் பார்த்திருப்போம், ஒரு டிக்கெட் வரும், அதை அப்படியே இன்னொரு டீம் பக்கம் தள்ளிவிட்டு, அங்கே இருக்கும் உண்மையான ஒரு பக்கைச் சரிசெய்து, டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிவிடுவார்கள். இது அந்த வகை. பழைய மாடல் ஐபோன்களிலும் அதே தவறான ஃபார்முலாதான் இருந்தது, அவற்றைக் கையில் எடுத்தால் கோடு சரியவில்லையே? அட்டவணையை மாற்றினால் திரை உண்மை பேசும். இழந்த 20 டெசிபல் திரும்பி வராது.

ஆப்பிளுக்குச் சாதகமான ஒரு உண்மையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கையில் பிடிக்காதபோது அந்த ஆன்டெனா நிஜமாகவே நன்றாக இருந்தது. மிகப் பலவீனமான சிக்னலிலும், மைனஸ் 113-இல் கூட, 3ஜிஎஸ் விட்டுவிடும் இடத்தில் ஐபோன் 4 காலைத் தாங்கிப் பிடித்தது என்று ஆனந்த்டெக்கே எழுதினார்கள். வெளியே இருக்கும் பெரிய ஆன்டெனாவின் பலன் அது. ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள்.

ஜூலை 12-ஆம் தேதி கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழின் முடிவு வந்தது. நியூயார்க் பகுதிக் கடைகளில் மூன்று ஐபோன் 4 வாங்கி, வெளியிலிருந்து எந்த ரேடியோ அலையும் நுழையாத அறையில், போலி டவர் வைத்துச் சோதித்தார்கள். தவறு நெட்வொர்க்கில் இல்லை, போனில் இருக்கிறது, எங்களால் இதைப் பரிந்துரைக்க முடியாது என்றார்கள். 3ஜிஎஸ்ஸிலும் பாம் ப்ரீயிலும் அந்தப் பிரச்சினை தெரியவில்லை. அவர்கள் சொன்ன வைத்தியம்: அந்த இடைவெளியின் மேல் ஒரு துண்டு டக்ட் டேப் ஒட்டுங்கள். அறிவியல் ரீதியாக அது பம்பரேதான். விலைதான் வேறு.

நாலே நாளில், ஜூலை 16, ஆப்பிள் தன் தலைமையகத்துக்குப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டது. ஜாப்ஸ் பிளாக்பெரி போல்ட், எச்டிசி ட்ராய்ட் எரிஸ், சாம்சங் ஆம்னியா 2 மூன்றையும் கையில் பிடித்தால் கோடு குறைவதை வீடியோவாகக் காட்டினார். அந்தக் கம்பெனிகள் சும்மா இருக்குமா, பதிலுக்கு அறிக்கை விட்டன. பிளாக்பெரி தரப்பு, எங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பேசுவதற்குக் கேஸ் தேவைப்படவில்லையே என்று ஒரு குத்து குத்தியது. ஜாப்ஸ் மூன்று எண்களையும் சொன்னார். வாங்கியவர்களில் 0.55 சதவீதம் பேர்தான் ஆன்டெனா பற்றிப் புகார் செய்தார்கள். ஏடி அண்ட் டியில் திரும்பி வந்த போன்கள் 1.7 சதவீதம், 3ஜிஎஸ்ஸுக்கு அது 6. நூறு காலுக்கு, 3ஜிஎஸ்ஸை விடக் கூடுதலாக ஒன்றுக்கும் குறைவான கால்தான் துண்டிக்கப்படுகிறது.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். முன்னைவிட நல்ல ஆன்டெனா என்று அறிமுகப்படுத்திய போன், பழைய போனைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காலை விடுகிறது என்பதைத்தான் அது ஒப்புக்கொண்டது. ஜாப்ஸ் சொன்ன காரணம், பழைய மாடலுக்கு நிறையப் பேரிடம் கேஸ் இருந்தது, புது மாடலுக்கு இன்னும் இல்லை என்பது. அது அவருடைய ஊகம் என்று அவரே சொன்னார். முடிவில், எல்லாருக்கும் இலவச கேஸ் என்று அறிவித்தார்கள், செப்டம்பர் 30 வரை. 2012-இல் ஒரு பொது வழக்கு சமரசத்தில் முடிந்தது: 15 டாலர் பணம் அல்லது ஒரு பம்பர்.

உண்மையான பதில் வழக்கில் வரவில்லை, அடுத்த போன்களில் வந்தது. 2011 பிப்ரவரியில் வெரைசன் நெட்வொர்க்குக்காக வந்த ஐபோன் 4-இல் இடைவெளிகளின் இடத்தையே மாற்றியிருந்தார்கள். அக்டோபரில் வந்த 4எஸ்ஸில் ஒரே காலுக்குள்ளேயே போன் இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவில் மாறி மாறிப் பயன்படுத்தும். கை ஒன்றை மூடினால் இன்னொன்று. அப்படிப் பிடிக்காதீங்க என்று சொன்னவர்கள், எப்படிப் பிடித்தாலும் சமாளிக்கும் போனைச் செய்தார்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் எந்தக் கம்பெனி போனிலும் மேலும் கீழும் ஆன்டெனா இருப்பதும், உலோக ஓரத்தில் அந்த மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் இருப்பதும் இந்த வழியில் வந்ததுதான்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. போனைப் படுக்கவைத்து இரண்டு கையாலும் பிடித்து கேம் ஆடும்போது, மேல் கீழ் இரண்டு முனையும் உள்ளங்கைக்குள் போய்விடும். மாற்று ஆன்டெனாவும் மாட்டிக்கொண்டது. மேட்ச் நடுவில் பிங் எகிறினால் நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன்னால், பிடியைக் கொஞ்சம் உள்பக்கமாக நகர்த்திப் பாருங்கள்.

சரி, மேக்னெட் மவுண்டுக்கு வருவோம். காந்தம் சிக்னலைக் கெடுக்காது. அசையாத காந்தப் புலம் ரேடியோ அலையை ஒன்றும் செய்வதில்லை. அது குழப்புவது போனின் திசைகாட்டியை. மேப்பில் நீங்கள் பார்க்கும் திசை தப்பாகக் காட்டினால் அதுதான் காரணமாக இருக்கலாம். சிக்னலுக்கு வில்லன், கவருக்குள் வைக்கும் அந்த இரும்புத் தகடு. அது ரேடியோ அலைக்குச் சுவர், பக்கத்தில் ஆன்டெனா இருந்தால் சுருதியையும் மாற்றும். நாம் பார்த்த விரல் செய்த அதே வேலை, இன்னும் நல்ல மின்கடத்தியை வைத்து. அதனால் கேள்வி, தகடு எங்கே இருக்கிறது என்பதுதான். சின்ன வட்டத் தகடு போனின் நடு முதுகில் இருந்தால் மேல் ஆன்டெனாவுக்கும் கீழ் ஆன்டெனாவுக்கும் தூரம் இருக்கிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வயர்லெஸ் சார்ஜிங் நின்றுவிடும், ஏனென்றால் அந்தச் சுருள் இருப்பது நடு முதுகில். தகட்டை மேலே கேமரா பக்கம் தூக்கியோ, அடி ஓரத்துக்கு இறக்கியோ ஒட்டினால் ஆன்டெனா மேலேயே மூடி போட்ட மாதிரி. போனின் ஓரம் முழுக்கச் சுற்றி வரும் உலோக பம்பர் இன்னும் மோசம், அந்த பிளாஸ்டிக் கோடுகளின் மேல் இரும்பாலேயே பாலம் போடுகிறது. 2010-இன் ரப்பர் பம்பர் செய்ததற்கு நேர் எதிர்.

உங்க போனில் என்ன நடக்கிறது என்று நீங்களே அளக்கலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் அபௌட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் எண் இருக்கும், திரையில் -98 dBm என்ற மாதிரி. சில மாடல்களில் மெனு கொஞ்சம் மாறும். ஐபோனில் போன் ஆப்பைத் திறந்து `*3001#12345#*` என்று டயல் செய்தால் ஃபீல்டு டெஸ்ட் திரை வரும். 4ஜியில் RSRP என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரு விஷயம், 4ஜியில் இந்த எண்ணை அளக்கும் முறை வேறு, அதனால் 2010-இன் எண்களோடு ஒப்பிடாதீர்கள். மைனஸ் 85 பக்கம் இருந்தால் நல்லது, மைனஸ் 110 தாண்டினால் கஷ்டம்.

அளக்கும்போது இடத்தை மாற்றாதீர்கள். சுவரிலும் கட்டிடத்திலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால், ஒரு சாண் நகர்த்தினாலே எண் நன்றாக ஆடும். போனை மேஜையில் ஒரே இடத்தில் வைத்து, தகடு இல்லாமல் ஒரு நிமிஷம் விட்டு ஐந்து தடவை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே இடத்தில் தகட்டோடு ஐந்து தடவை. அப்புறம் வெறும் கையில், வழக்கமாகப் பிடிப்பது போல. மூன்று நான்கு டெசிபல் வித்தியாசத்தை விட்டுத் தள்ளுங்கள், அது வெறும் ஆட்டம். ஒவ்வொரு தடவையும் பத்துக்கு மேல் குறைந்தால் அது நிஜம். நடுவில் போன் வேறு டவருக்கோ வேறு பேண்டுக்கோ தாவியிருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. ஃபீல்டு டெஸ்ட் திரையில் பேண்டு எண்ணும் செல் எண்ணும் இருக்கும், அவை மாறவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடு குறையவில்லை, ஆனால் தகடு வைத்த நாளிலிருந்து பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, போன் சூடாகிறது என்றாலும் இந்த டெஸ்டைச் செய்து பாருங்கள். ஆன்டெனா கெட்டால் கேட்பது மட்டுமல்ல, பேசுவதும் கெடும். டவருக்குத் தன் குரல் எட்டவில்லை என்று தெரிந்தால் போன் இன்னும் சத்தமாகக் கத்தும், அதாவது கூடுதல் பவரில் அனுப்பும். 4ஜி போனுக்கு வழக்கமான உச்சம் 200 மில்லிவாட். அதற்கு மேல் அதனால் முடியாது. அந்த இடத்தில்தான் உங்களுக்கு எதிராளி பேசுவது நன்றாகக் கேட்கும், அவர் மட்டும் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்பார்.